இலவசப் பொட்டலமும் அடுத்த பொட்டலமும்

தேயிலையை நம் நாட்டு ஜனங்கள் தாங்களாகவே நாடிப் பழகியவர்கள் அல்லர்; தோட்ட முதலாளிகள் அதை வீடு வீடாக, தெருத் தெருவாக, ஆலை ஆலையாகக் கொண்டுபோய், விலை வாங்காமல் ஊற்றிக் கொடுத்துப் பழக்கினார்கள். 1903ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்றுமதித் தேயிலையின்மீது விதிக்கப்பட்ட தீர்வைப் பணத்தைக் கொண்டு ஒரு கமிட்டி இந்தப் பிரசாரத்தை நடத்திவந்தது. 1937இல் அது இந்தியத் தேயிலை விற்பனைப் பெருக்கச் சபை என்ற பொருளுடைய புதுப் பெயரை ஏற்றது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வேலையெல்லாம் தேயிலை வாரியத்தின் கைக்கு வந்துசேர்ந்தது. ரயில் நிலையங்களில் தேநீர் தயாரிக்கும் முறையைப் படம் போட்டு விளக்கிய எனாமல் பலகைகளும், காசுக்கு ஒன்றாக விற்ற சின்னஞ்சிறு பொட்டலங்களும் அந்தப் பிரசாரத்தின் மிச்சங்களே.

எழுபதுகளின் நடுப்பகுதியில், சென்னையில் தேயிலை வாங்கிக் கலந்து பொட்டலம் கட்டி விற்ற ஒரு ஸ்தாபனத்தில் நான் விற்பனைப் பிரிவில் உத்தியோகம் பார்த்தபோது, எங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்த முதியவர், தம் வாலிபத்தில் அந்தச் சபையின் செயல்விளக்கக்காரராக, கெட்டிலும் பீங்கான் கோப்பைகளுமாக அக்ரகாரங்களிலும் பேட்டைகளிலும் சுற்றியவர். பெரியவர் என்றுதான் அவரை அழைப்போம். இலவசமாகக் கொடுப்பதில் உள்ள சூட்சுமத்தை அவரைப்போல் அறிந்த வேறொருவரை நான் சந்திக்கவில்லை. “நாங்க அப்போ ஜனங்களுக்குத் தேயிலையைப் பழக்கினோம், அவங்க எந்தக் கடையிலே எந்தத் தேயிலையை வாங்கினாலும் சபைக்குச் சந்தோஷந்தான். உனக்கு அந்தச் சௌகரியம் கிடையாது தம்பி. ஏற்கெனவே ஒரு தேயிலை குடிச்சுக்கிட்டிருக்கிறவங்களை உன் தேயிலைக்கு மாத்தணும்” என்று முதல் நாளே சொன்னார். அந்த வித்தியாசத்தை நான் முழுவதும் உணர்ந்துகொண்டது ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான அந்தக் கடலோரப் பிரதேசத்தில், எங்கள் புதுக் கலவைக்காக நடத்திய மாதிரிப் பொட்டலப் பிரசாரத்தின்போதுதான்.

அந்தப் பிரதேசத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நகரத்தின் தென்பகுதி வீடுகளில் காலையில் காப்பி வாசனை வீசும். வடசென்னையிலோ, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், காசிமேட்டுக் கரையில் இருட்டோடு மீன் ஏலம் எடுக்கிறவர், திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலையிலும் என்ஃபீல்டு மோட்டார்சைக்கிள் தொழிற்சாலையிலும் ஷிப்டு பார்க்கிறவர், எண்ணூரில் அசோக் லேலண்டுக்கும் அனல்மின் நிலையத்துக்கும் போகிறவர் என்று, நேரம் காலம் பார்க்காமல் தேநீர் கேட்கிற ஜனங்களே அப்போது மிகுதி. எங்கள் கலவை அவர்களுக்காகவே தயாரானது: நீலகிரியில் விளைந்த பழைய முறை டஸ்டோடு, அப்போது பரவிவந்த சி.டி.சி. முறையில் நசுக்கிச் சுருட்டிய டஸ்டையும் சேர்த்து, கொஞ்சம் தூளில் நிறைய நிறம் இறங்கும்படி செய்திருந்தார்கள்.

பிரசாரத்தை ஆலை வாசல்களில் ஆரம்பித்தோம். ஷிப்டு விடும் சமயத்தில் மேஜை போட்டு, பாய்லரில் தயாரித்த தேநீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி நீட்டினால், சங்கு ஊதி வெளிவருகிற கூட்டம் முழுவதும் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்லிப் போகும். தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிற அறிக்கையில் அந்தக் கூட்டம் பிரமாதமாகத் தெரியும். ஆனால் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவனுக்குச் சூடும் சர்க்கரையுமாக எதைக் கொடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். அவன் சொல்கிற அபிப்பிராயம் நம் உபசாரத்தைப் பற்றியதே அன்றித் தேயிலையைப் பற்றியதன்று. பெரியவர் இந்த மேஜையருகே நின்று யாருடைய வார்த்தையையும் கேட்கமாட்டார். திரும்பி வருகிற டம்ளர்களின் அடியை மட்டுமே பார்ப்பார். கடைசி மடக்கு மிஞ்சியிருந்தால் துவர்ப்பு ஏறிவிட்டது என்றோ, ஆறினவுடன் ருசி விழுந்துவிட்டது என்றோ அர்த்தம். மேலும், அந்தத் தேநீரை ஊற்றியது எங்கள் ஆள். தண்ணீரும் பாலும் எங்கள் அளவு. அவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வதற்கு அவனுக்கு நினைவிருப்பது இனிப்பு ஒன்றுதான். ஆகவே ஆலை வாசலைப் பெயர் தெரிவதற்கான இடமாக மட்டும் வைத்துக்கொண்டு, வாங்குகிறவரைத் தேடி வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் போனோம்.

அங்கேதான் தண்ணீர் எங்களை மறித்தது. எங்கள் ருசி பார்க்கும் அறையில், ஒரு கோப்பைக்கு இரண்டரை கிராம் வீதம் நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி மூடி, ஐந்து நிமிஷம் கழித்து வடித்துப் பார்த்தபோது, சாறு செம்பொன் நிறமாய்ப் பளிச்சென்று இருந்தது. பால் விட்டதும் செங்கல் நிறமாய் மலர்ந்தது. அந்த அறைக்கு வந்தது செங்குன்றம் ஏரியின் நீர். கீழ்ப்பாக்கத்தில் சுத்தம் செய்து கார்ப்பரேஷன் குழாயில் வந்தது. ராயபுரத்தில் குழாய்த் தண்ணீர் பிடிக்கிற தெருக்களில் பொட்டலம் கொடுத்த வீடுகளிலும் அதே நிறத்தைக் கண்டோம். திருவொற்றியூரைத் தாண்டி வடக்கே போகப் போக, அடிபம்பிலும் கிணற்றிலும் இறைத்த நீரில் அதே தூள் வேறு தேயிலையாக மாறிவிட்டது. சாறு கறுத்தது, பால் விட்டால் செம்மை வராமல் சாம்பல் பூத்த மண் நிறம் வந்தது, மேலே மெல்லிய ஏடு படர்ந்து, டம்ளரின் விளிம்பில் பழுப்பு வளையம் பிடித்தது.

இதற்குக் காரணம் தூளில் இல்லை. கடினமான நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, தேயிலையின் துவர்ப்புப் பொருள்களோடு சேர்ந்து அந்த ஏட்டை உண்டாக்குகிறது. நீரில் இருக்கிற காரத்தன்மை நிறத்தைக் கறுப்பாக்கி, நாவில் சுறுசுறுப்பாகத் தட்டவேண்டிய ருசியை மழுக்கிவிடுகிறது. அந்த வட்டாரத்துக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததனால் கடல்நீர் உள்ளே புகுந்துவருவதை அதிகாரிகள் ஏற்கெனவே கவனித்திருந்தார்கள். கரையோரக் கிணறுகளில் உப்புக் கரிப்பு நாவுக்கே தெரியும். ஒரு வீட்டில் அம்மாள் ஒருவர் டம்ளரை என்னிடம் நீட்டி, “இன்னா தம்பி, டீத்தூளு குடுத்தியா, அடுப்புக்கரி குடுத்தியா?” என்று கேட்டார். பக்கத்துக் கடையில் சில்லறையாக நிறுத்து வாங்குகிற தூளை அதே தண்ணீரில் போட்டுக் காட்டச் சொன்னேன். அது எங்கள் தூளைவிட வாசனை குறைந்ததுதான். ஆனாலும் சிவந்து நின்றது. அந்தத் தண்ணீருக்குப் பழகிய தூள் எது என்பதைக் கடைக்காரர் அனுபவத்தில் அறிந்து வாங்கி வைத்திருந்தார்.

பெரியவர் இரண்டு பிளாஸ்டிக் கேன்களில் எண்ணூர்த் தண்ணீரைப் பிடித்து, ருசி பார்ப்பவரின் மேஜைக்கே கொண்டுவந்து வைத்தார். நல்ல தேயிலை வியாபாரிகள் எந்த ஊருக்குக் கலவை தயாரிக்கிறார்களோ அந்த ஊர்த் தண்ணீரில் ருசி பார்ப்பது பழைய வழக்கம். ஒரே நகரத்துக்குள் இரண்டு தண்ணீர் இருக்கக்கூடும் என்பதை மட்டும் எங்கள் அலுவலகத்தில் யாரும் நினைத்திருக்கவில்லை. அந்த நீரில் வரிசையாகப் பல தூள்களைப் போட்டுப் பார்த்தபோது, ருசி பார்ப்பவர், கறுப்பு நிறம் ஏற்றுகிற கனத்த சரக்கைக் குறைத்து, பளிச்சென்ற சாறும் சுறுசுறுப்பும் உள்ள உயர்நிலத் தூளைக் கூட்டினார். அடக்க விலை சற்று ஏறியது. அந்தக் கலவை தயாராகும்வரை திருவொற்றியூருக்கு வடக்கே பொட்டலம் கொடுப்பதை நிறுத்திவைத்தோம். ருசி கெட்ட தேநீரை இலவசமாகக் கொடுத்தால் வாங்காமல் போவதோடு நில்லாது. அந்தத் தெருவில் அந்தப் பெயரை மறுபடி உச்சரிக்க முடியாது. பணம் கொடுத்து வாங்கியவளாவது காசு போகிறதே என்று பொட்டலம் தீரும்வரை குடித்துப் பார்ப்பாள்; சும்மா வந்ததை முதல் கோப்பையிலேயே ஒதுக்கிவிடுவாள்.

டீக்கடைகளின் விஷயம் முற்றிலும் வேறு. நாயர் கடையோ உள்ளூர்க்காரர் கடையோ, அங்கே தீர்ப்புச் சொல்பவர் முதலாளி அல்லர், டீ மாஸ்டர். அவர் துணிப் பையில் தூளைப் போட்டு, பாய்லரின் கொதிநீரை ஊற்றி டிகாக்ஷன் இறக்குவார். அதே தூளில் மறுபடியும் தண்ணீர் ஊற்றுவார். நிறம் தளரும்போது மேலே கொஞ்சம் புதுத் தூள் தூவுவார். ஆகவே அவர் நம்மிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “ரெண்டாவது தண்ணிக்கு நிக்குமா சார்?” மிக நைசான டஸ்ட் முதல் தண்ணீரிலேயே தன் சத்தையெல்லாம் கொட்டிவிடும், அதை ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துப் பாராட்டு வாங்குவது சுலபம். அரை மணி நேரத்துக்குப் பிறகு வருகிற வாடிக்கைக்காரருக்கு அதே பையிலிருந்து வெளிறிய நீர்தான் வரும். சற்றுப் பெரிய மணி நிதானமாக இறங்கும், நின்று உழைக்கும். எனவே டீக்கடைகளுக்கு என்று மணி பெரிதான தூளைக் கூட்டிய தனிச் சரக்கைத் தயாரித்து, சின்னப் பொட்டலமாக அல்லாமல் கால் கிலோவாகக் கொடுத்தோம். ஒரு கிலோவுக்கு எத்தனை டம்ளர் என்பதுதான் அவர்கள் கணக்கு; ஐம்பது கிராமில் அந்தக் கணக்கு விளங்காது.

காசிமேட்டுச் சாலையில் ஒரு கடையில் அந்தக் கால் கிலோவை எந்நேரத்தில் போடுவது என்று மாஸ்டரையே தீர்மானிக்கச் சொன்னோம். அவர் விடியற்காலையில் ஏலம் முடிந்து கூட்டம் முட்டுகிற நேரத்தைச் சொன்னார். வேண்டுமென்றே கடினமான நேரத்தைத் தேர்ந்தார் என்பது எனக்குப் புரிந்தது. நாங்கள் ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்து, வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். வாடிக்கைக்காரர்களிடம் தூள் மாறியதைச் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் அதுவே பெரிய பரீட்சை: மாற்றத்தை யாரும் கவனித்துக் குறை சொல்லக்கூடாது, மாஸ்டருக்கோ தூள் தூவும் வேலை குறையவேண்டும். கூட்டம் கலைந்தபின் அவர் பையைப் பிழிந்து, வழக்கமாகத் தூவுகிற தூளில் மிச்சம் எவ்வளவு என்று டப்பாவைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு விலை கேட்டார். பாராட்டு ஒன்றும் வரவில்லை. விலை கேட்டதே போதுமானது. டீக்கடையில் ருசி பார்த்தவர் வாங்குகிறவராக மாறுகிற கணம் அதுதான். அதற்குப்பின் நடப்பது கடன் எத்தனை நாள் என்ற பேச்சு.

வீடுகளுக்குப் பத்து கிராம் பொட்டலம் போதும் என்பது அலுவலகத்தின் முதல் யோசனை. பத்து கிராமில் நாலு கோப்பை. ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு வேளை. புதுத் தூளை முதன்முறை போடுகிறவள் தன் பழைய தூளுக்குப் போடுகிற கைப்பிடியையே போடுகிறாள். எங்கள் தூள் நிறம் அதிகம் இறங்குவதால் அந்த முதல் முறை கடுத்துப்போகும். இரண்டாவது முறை கையைக் குறைக்கும்போதுதான் அதன் சரியான ருசி தெரியும். கூடவே, குறைந்த தூளிலேயே காரியம் ஆகிறது என்ற லாபமும் அவள் மனத்தில் படும். இரண்டாவது முறைக்கு இடமில்லாத பொட்டலம் வீண். பெரியவர் வாதாடி அதை இருபத்தைந்து கிராமாக உயர்த்தச் செய்தார். அதற்கு ஈடாக வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டார்.

அவர் அலுவலகத்தில் சொன்ன கணக்கை என்னால் இன்னும் அப்படியே சொல்லமுடியும். விற்கிற விலையில் பத்தில் ஒரு பங்குதான் செலவெல்லாம் போகக் கம்பெனிக்கு நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், இருபத்தைந்து கிராம் இனாம் கொடுத்ததை விற்கிற விலைக்கே மதிப்பிட்டு, அதைத் திரும்ப எடுக்க இருநூற்றைம்பது கிராம் விற்கவேண்டும். பொட்டலம் பெற்ற ஐந்து வீடுகளில் ஒரு வீடுதான் மாறும் என்றால், அந்த ஒரே வீடு ஐந்து வீட்டுச் செலவையும் சுமக்கவேண்டும்: ஒன்றேகால் கிலோ. மாதத்துக்கு அரைக் கிலோ வாங்குகிற குடும்பம் அதை வாங்கித் தீர்க்க இரண்டரை மாதம் ஆகும். அதற்குமுன் அது பழைய தூளுக்குத் திரும்பிவிட்டால் கம்பெனிக்கு நஷ்டம். “முதல் பாக்கெட்டு வாங்கினவங்களை எண்ணாதீங்க, அது ஆசை. மூணாவது பாக்கெட்டு வாங்கினவங்களை எண்ணுங்க” என்று அவர் முடித்தபோது மறுத்துப் பேச யாருக்கும் வாய் எழவில்லை.

பொட்டலத்தை எந்தத் தேதியில் கொடுப்பது என்பதில்தான் அந்தப் பிரதேசத்தைப் பற்றிய உண்மையான அறிவு தேவைப்பட்டது. அப்போதைய சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்தில் ஏழாம் தேதிக்குள்ளும், மற்றப் பெரிய ஆலைகளில் பத்தாம் தேதிக்குள்ளும் சம்பளம் கொடுத்தாகவேண்டியிருந்தது. திருவொற்றியூர், எண்ணூர் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் அந்த நாளையொட்டி அண்ணாச்சி கடைக்குப் போய்ப் பழைய பாக்கியைத் தீர்த்து, மாதச் சாமான் சீட்டைக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டில் எந்தத் தூளின் பெயர் எழுதப்படுகிறதோ அதுவே ஒரு மாதத்துக்கு நிலைக்கும். பதினைந்தாம் தேதி கொடுக்கிற இனாம் பொட்டலம் எவ்வளவு ருசித்தாலும், டப்பாவில் பழைய தூள் நிறைந்திருக்க, சீட்டு எழுதும் நாள் வருவதற்குள் மறந்துபோகும். மூன்று, நாலு தேதிகளில், டப்பாவின் அடி தெரிகிற சமயத்தில் கொடுத்தால், அந்த ருசி நாவில் இருக்கும்போதே சீட்டு எழுதப்படும். ஆகவே அந்தத் தெருக்களுக்கு மாதத்தின் முதல் வாரம் ஒன்றே எங்கள் வேலைநாள் ஆயிற்று.

காசிமேட்டிலும் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளிலும் இந்தப் பஞ்சாங்கம் செல்லாது. அங்கே வருமானம் அன்றாடம்; கட்டுமரமோ விசைப்படகோ போகாத நாளில் அதுவும் இல்லை. தூளும் அன்றன்றைக்குச் சில்லறைக்கு வாங்குவதே. அந்த வீடுகளில் எங்கள் இனாம் பொட்டலம் நன்றாகப் பெயர் வாங்கியும் விற்பனை ஏறாததன் காரணத்தை ஒரு பெட்டிக்கடைக்காரர் ஒரே வாக்கியத்தில் விளக்கினார்: “நல்லாத்தான் கீதுன்னு கேக்குறாங்க சார், நூறு கிராம் பாக்கெட்டைக் காட்டுனா திரும்பிப் போறாங்க.” எங்கள் தூளின் மிகச் சிறிய பாக்கெட்டே அவர்களுடைய ஒரு நாள் காய்கறிச் செலவுக்கு மேலாக இருந்தது. ருசி அவர்களைக் கடைவரைக்கும் நடத்திக்கொண்டு வந்தது. விலை அவர்களைத் திருப்பி அனுப்பியது. அதைவிடச் சின்னப் பொட்டலம் போடுவதற்குக் கம்பெனியில், காகிதமும் கூலியும் கட்டுப்படியாகாது என்று தயங்கினார்கள். ஒரு காலத்தில் காசுப் பொட்டலம் போட்டல்லவா தேயிலையே இந்த நாட்டில் பரவியது என்று பெரியவர் நினைவூட்டியபின், ஒரு நாளைக்குப் போதுமான சின்னப் பொட்டலம் அந்த வட்டாரத்துக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது.

கடையில் சரக்கு இல்லாத தெருவில் இனாம் கொடுப்பது வேறொருவர் வியாபாரத்துக்கு நாம் செலவழிப்பதாகும். கேட்டு வருகிறவளிடம் அண்ணாச்சி, அந்தத் தூள் இல்லை, இது அதைவிட நன்றாயிருக்கும் என்று வேறொன்றைக் கொடுத்துவிடுவார்; சில்லறைத் தூளில் அவருக்கு லாபம் அதிகம் என்பதால் அதில் அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை. ஆகவே பொட்டலம் கொடுக்கிற பையன்கள் தெருவில் இறங்குவதற்கு முந்தின நாளே சுற்றியுள்ள கடைகளில் சரக்கு வைத்துவிடுவதையும், இனாம் பொட்டலத்துக்குள் ஒரு சீட்டு வைத்து, அதைக் கொடுத்தால் முதல் பாக்கெட்டில் சில காசு தள்ளுபடி என்பதையும், கடைக்காரருக்கு அந்தச் சீட்டொன்றுக்கு ஒரு சிறு தொகை உண்டு என்பதையும் விதியாக வைத்துக்கொண்டோம். சீட்டு வந்தால் அவருக்கும் பிரயோஜனம். எந்தத் தெருவில் கொடுத்தது எந்தக் கடையில் திரும்பியது என்று எங்களுக்கும் தெரியும்.

கசிவுகளும் இருந்தன. விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்ட பொட்டலங்களே பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கியதைக் கண்டிருக்கிறோம். கட்டாகக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்; பையில் தெருவுக்கு எண்ணிக் கொடுத்து, வீட்டில் பெரியவர்கள் கையில்தான் தரவேண்டும், பிள்ளைகள் கையில் தரக்கூடாது என்று கட்டளையிட்டபின் அது பெரும்பாலும் குறைந்தது. கணக்கெடுப்பிலும் கடைக்காரர் வாய்மொழியை நம்புவதை விட்டு, ஒவ்வொரு தெருவிலும் சில வீடுகளுக்குத் திரும்பப் போய், தூள் டப்பாவைத் திறந்து காட்டும்படி பணிவாகக் கேட்போம். பேசுகிறவர் நம் மனம் நோகக்கூடாதென்று உங்கள் தூள்தான் வாங்குகிறோம் என்று சொல்லலாம். டப்பாவுக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை. பல டப்பாக்களில் எங்கள் தூளும் சில்லறைத் தூளும் கலந்தே இருந்தன. நிறத்துக்கு அது, வாசனைக்கு இது என்று அந்தப் பெண்மணிகள் தாங்களாகவே கலவை செய்துகொண்டிருந்தார்கள். இவர்களை வாங்குகிறவர்களாக எண்ணுவதா என்று அலுவலகத்தில் விவாதம் வந்தது. எண்ணவேண்டும், ஆனால் அரை வீடாக எண்ணவேண்டும் என்று பெரியவர் சொன்னார். அந்த அரை வீடுகள் முழுதாக மாறுகின்றனவா, இல்லை நழுவுகின்றனவா என்று பார்ப்பதற்காக அடுத்த சம்பள வாரத்துக்கும் அதே தெருக்களை எங்கள் பட்டியலில் எழுதிக்கொண்டார்.